காலை எட்டு மணிக்கு நேற்று முன்தினத்து எண்

தானாக ஓட வேண்டிய ரெஃப்ரெஷ் ஒரு நாள் ஓடாமல் போனால் டாஷ்போர்டில் எந்த வித்தியாசமும் தெரியாது. எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். வரைபடம் அதே நிறத்தில் இருக்கும். ரூபாய்க் குறியும் கமாவும்கூட அசையாது. பிரிண்டர் நின்றால் காகிதம் வராது, நெட் நின்றால் பக்கம் திறக்காது. டாஷ்போர்டு நின்றால் மட்டும் நேற்றுப் பார்த்தது இன்றும் அழகாகத் தெரியும், பார்ப்பவர் அதை இன்றைய கணக்கு என்று நம்பி முடிவெடுப்பார்.

ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் என நான்கு கிளைகள் கொண்ட மளிகை மொத்த வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதரைக்குக் கடைசி பில். பத்து மணிக்கு பில்லிங் மென்பொருள் கடந்த 30 நாள் வரவு, விற்பனை எல்லாவற்றையும் ஒரு சிஎஸ்வி கோப்பாகக் கூகுள் டிரைவில் ஒரே பெயரில் போட்டுவிடும். காலையில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒன்று அந்தக் கோப்பைப் படித்து, கூகுள் ஷீட்டில் Data என்ற டேபில் கொட்டும். முதலாளி எட்டு மணிக்குக் கைபேசியில் பார்ப்பது டாஷ்போர்டு டேபை மட்டும்தான். எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது, நேற்று எவ்வளவு விற்றது என்று இரண்டு மூன்று பெட்டிகள், அவ்வளவே.

புதன்கிழமை மதியம் 60 மூட்டை சீனி இறங்குகிறது. வியாழன் காலை ரெஃப்ரெஷ் ஓடவில்லை. டாஷ்போர்டில் செவ்வாய் இரவுக் கணக்கு நிற்கிறது: சீனி 14 மூட்டை. முதலாளி அப்போதே ஆலைத் தரகருக்குப் போன் போட்டு இன்னொரு 60 மூட்டை சொல்லிவிடுகிறார். கணக்கர் பத்து மணிக்கு வந்து, “அண்ணாச்சி, லோடு நேத்தே இறங்கிருச்சே” என்று சொல்லும்போது லாரி கிளம்பியிருக்கும்.

இதில் ஷீட் பொய் சொல்லவில்லை. 14 மூட்டை என்பது செவ்வாய் இரவுக்குச் சரியான எண். அது செவ்வாய் இரவு எண் என்பதைத்தான் ஷீட் எங்கும் சொல்லவில்லை.

ரெஃப்ரெஷ் எப்படி நின்றுபோகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நேரம் குறித்து ஓட்டுவதை ட்ரிக்கர் என்கிறார்கள். “தினமும் காலை 6 முதல் 7 வரை” என்று தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் கூகுள் ஓட்டும். ஆறு மணிக்கே ஓடும் என்று எண்ணக் கூடாது. ட்ரிக்கரை யார் போட்டாரோ அவருடைய கணக்கின் உரிமையில்தான் அது ஓடும். இங்கேதான் முதல் குழி. ஷீட்டைச் செய்து கொடுத்த பையன் வேலையை விட்டுப் போகிறான், அலுவலகம் அவனுடைய மெயில் கணக்கை மூடுகிறது, ட்ரிக்கரும் நின்றுவிடுகிறது. ஷீட் மற்றவர்களுக்குத் திறக்கும், எண்கள் தெரியும். ஆனால் ஒருவர் போட்ட ட்ரிக்கர் இன்னொருவரின் Triggers பக்கத்தில் வராது என்பதால், அப்படி ஒன்று இருந்ததே மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இரண்டாவது குழி நேர மண்டலம். ஸ்கிரிப்டுக்கென்று தனியாக ஒரு நேர மண்டலம் உண்டு. ஷீட்டின் நேர மண்டலம் வேறு. ஸ்கிரிப்டின் அமைப்பில் Asia/Kolkata என்று இருக்க வேண்டிய இடத்தில் America/New_York என்று கிடந்தால், காலை ஆறு மணி ட்ரிக்கர் நமக்கு மாலை மூன்றரைக்கோ நாலரைக்கோ ஓடும். ஒவ்வொரு நாளும் பிழையில்லாமல் ஓடும், ஒவ்வொரு காலையும் பழைய எண் காட்டும்.

மற்றவை வழக்கமானவை. ஸ்கிரிப்ட் ஒரு முறை ஓடத் தொடங்கினால் அதற்கு ஆறு நிமிடம்தான் அவகாசம். கோப்பு பெருத்துக்கொண்டே போனால் ஒரு நாள் பாதியில் வெட்டுப்படும். பில்லிங் மென்பொருளைப் புதுப்பித்தபோது ஒரு பத்தியின் தலைப்பு மாறியிருக்கலாம். கடையில் மின்சாரம் போய், இரவு பத்து மணிக் கோப்பே வராமல் இருந்திருக்கலாம்.

ஸ்கிரிப்ட் பிழையில் நின்றால் கூகுளே மெயில் அனுப்புமே என்று கேட்கலாம். அனுப்பும், ட்ரிக்கரைப் போட்டவருக்கு. மாற்றாமல் விட்டால், நடந்த பிழைகளை நாளுக்கு ஒரு முறை தொகுத்து அனுப்பும். எட்டு மணி முடிவுக்கு அந்த மெயில் உதவாமல் போகலாம். ட்ரிக்கர் அமைப்பில் அதை Notify me immediately என்று மாற்றுவது அரை நிமிட வேலை, இன்றே செய்துவிடலாம். ஆனால் அந்த மெயில் வராத தோல்விகள்தான் அதிகம் தொல்லை தருபவை. ட்ரிக்கரே ஓடவில்லையென்றால் தோற்றது என்று எழுத ஆள் இல்லை. பத்து மணிக் கோப்பு வரவில்லையென்றால், ஸ்கிரிப்ட் டிரைவில் அதே பெயரில் கிடக்கும் முந்தைய நாள் கோப்பை எடுத்து, பிழையின்றிப் படித்து, பிழையின்றி எழுதி, Executions பக்கத்தில் Completed என்று போட்டுக்கொள்ளும். அந்தப் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நலம்.

எனவே ஓடியதா என்று கேட்பதைவிட, திரையில் இருக்கும் எண் எந்த நேரத்து எண் என்று கேட்பதே பயன் தரும். பலரும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டாஷ்போர்டின் மேல் மூலையில் “கடைசியாகப் புதுப்பித்தது” என்று எழுதி, பக்கத்துச் செல்லில் `=NOW()` போட்டுவிடுவது. நான் பார்த்த ஷீட்களில் இது சர்வசாதாரணம். NOW சொல்வது இப்போது மணி என்ன என்பதை மட்டும். தரவு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தாலும் அந்தச் செல் இன்றைய தேதியைத்தான் காட்டும். நேரமே போடாத ஷீட்டைப் பார்ப்பவராவது கொஞ்சம் சந்தேகப்படுவார். இதைப் பார்ப்பவர் சந்தேகப்படவும் மாட்டார்.

அடுத்த வகை, ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே நேரத்தைப் பதிவது. இது கொஞ்சம் நாகரிகமான தவறு. ஸ்கிரிப்ட் தொடங்கியது பதிவாகும், இரண்டாவது வரியில் செத்தாலும் நேரம் மட்டும் புதிதாக நிற்கும். நேரப் பதிவு கடைசி வரியாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய எல்லாப் படிகளும் முடிந்தால்தான் அந்த வரிக்கு வர முடியும் என்ற நிலை வேண்டும்.

```
function refreshStock() {
  const ss = SpreadsheetApp.getActive();
  const rows = readCsv();   // கோப்பைப் படிக்கும் தனிப் பகுதி
  if (rows.length < 500) throw new Error('வரிசை குறைவு: ' + rows.length);
  const data = ss.getSheetByName('Data');
  data.getRange('A2:F').clearContent();
  data.getRange(2, 1, rows.length, 6).setValues(rows);
  SpreadsheetApp.flush();
  ss.getSheetByName('Status').getRange('B1').setValue(new Date());
}
```

நிரல் தெரியாதவர்கள் வரிசையை மட்டும் கவனித்தால் போதும். முதலில் கோப்பைப் படிக்கிறது. 500 வரிசைக்குக் குறைவாக வந்தால் அங்கேயே பிழை எறிந்து நிற்கிறது. அதற்குப் பிறகுதான் பழையதைத் துடைத்துப் புதியதை எழுதுகிறது. எல்லாம் ஷீட்டில் இறங்கியபின் Status டேபில் நேரம் விழுகிறது. துடைப்பதை முதலில் வைத்து, படிப்பதை அடுத்து வைத்திருந்தால், கோப்பு கிடைக்காத நாளில் இருப்பு எல்லாம் பூஜ்யமாகத் தெரியும். 500 என்ற எண் இந்தக் கடைக்கானது. நான்கு கிளைக்கும் சேர்த்து முப்பது நாளில் பல ஆயிரம் வரிசை வரும் கடையில் 500-க்குக் கீழே வந்தால் கோப்பு கெட்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு கடையும் தன் கோப்பைப் பார்த்து ஓர் எண் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது B1-இல் இருப்பது ரெஃப்ரெஷ் வெற்றிகரமாக முடிந்த நேரம். ஆனால் பழைய கோப்பையே மறுபடி படித்த நாளில் இதுவும் ஏமாற்றும். கோப்பு பழையது, படித்த நேரம் புதியது. அதனால் இரண்டாவதாக ஒரு நேரம் வேண்டும், அது தரவின் உள்ளேயிருந்து வர வேண்டும். Data டேபின் முதல் பத்தியில் ஒவ்வொரு பில்லின் தேதியும் மணியும் இருக்கிறது. அதில் மிகப் பெரியது எதுவோ அதுவே இந்த டாஷ்போர்டுக்குத் தெரிந்த கடைசி நிகழ்வு. வியாழன் காலை அந்த இடத்தில் செவ்வாய் இரவு 9:24 என்று இருந்திருந்தால் முதலாளி போனை எடுத்திருக்க மாட்டார்.

இங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான்கு கிளைக்கும் சேர்த்து மிகப் பெரிய தேதியை எடுத்தால், தேனிக் கிளையின் நெட் இரண்டு நாளாக இல்லாதது தெரியாது. மற்ற மூன்று கிளைகளின் பில் தேதிகள் அதை மறைத்துவிடும். ஆகவே கிளைக்கொன்றாகக் கடைசி நேரத்தை எடுத்து, அவற்றில் மிகப் பழையதைத்தான் டாஷ்போர்டின் நேரமாகக் கொள்ள வேண்டும். Status டேபில் B2 முதல் B5 வரை இப்படி:

```
=MAXIFS(Data!A2:A, Data!B2:B, "தேனி")
```

B6-இல் `=MIN(B2:B5)`. ஒரு கிளையின் வரிசைகளே வராமல் போனால் MAXIFS பூஜ்யம் தரும், MIN-உம் பூஜ்யமாகும், ஷீட் தன்னைப் பழையது என்று சொல்லும். சந்தேகம் வந்தால் அபாயத்தின் பக்கம் சாய்கிற கணக்கு இது. இந்த வேலைக்கு அப்படிப்பட்ட கணக்குத்தான் தேவை.

இனி, எவ்வளவு பழையதானால் பழையது? பெரும்பாலோர் 24 மணி நேரம் என்று போட்டுவிடுகிறார்கள். நம் கடையில் போட்டுப் பார்த்தால் அது உடையும். கடைசி பில் இரவு ஒன்பதரை. அந்தத் தரவு மறுநாள் காலை ஏழுக்குள் ஷீட்டுக்கு வருகிறது, அடுத்த ரெஃப்ரெஷ் வரும் வரை, அதாவது அதற்கும் மறுநாள் காலை ஏழு வரை, அதுவே நிற்கும். எல்லாம் சரியாக நடக்கும் நாளிலேயே எண்ணின் வயது 33 மணி நேரத்தைத் தாண்டும். 24 என்று வைத்தால் தினமும் இரவு ஒன்பதரைக்குச் சிவப்பு விழும், ஒரு வாரத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். 36 என்று வைத்தாலோ, தோல்வி நடந்த காலை எட்டு மணிக்கு வயது முப்பத்து நாலரை மணிதான், பச்சையாகவே இருக்கும். முதலாளி சீனி சொல்லிவிடுவார். இரண்டுக்கும் நடுவே 34 என்று பிடித்துக்கொள்ளலாம் என்றால், ஒரு நாள் கடைசி பில் எட்டேமுக்காலுக்கே விழுந்தாலும் அது தடுமாறும். ஞாயிறு விடுமுறை இன்னொரு தலைவலி.

மணிக்கணக்கை விட்டுவிட்டுத் தேதியாகக் கேட்டால் எல்லாம் எளிதாகிவிடுகிறது. காலை ஏழு மணிக்குப் பிறகு, முந்தைய வேலை நாளின் பில் ஷீட்டில் இருக்கிறதா? Status டேபின் B7-இல் இதை எழுதலாம்:

```
=IF(MAX(B2:B5)>NOW(), "தேதி தவறு",
 IF(INT(B6)>=WORKDAY.INTL(INT(NOW()-7/24), -1, 11, Holidays!A2:A30),
 "சரி", "பழையது"))
```

WORKDAY.INTL என்பது வேலை நாளைக் கணக்கிடும் ஃபார்முலா. -1 என்றால் முந்தைய வேலை நாள். 11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான குறியீடு. பொங்கல், தீபாவளி போன்ற நாள்களை Holidays டேபில் எழுதிவைத்தால் அவற்றையும் கழித்துக்கொள்ளும். 7/24 கழிப்பது, நள்ளிரவு முதல் காலை ஏழு வரை நாளை மாற்றாமல் வைத்திருப்பதற்காக. அந்த நேரத்தில் ரெஃப்ரெஷ் இன்னும் ஓடியிருக்காதல்லவா? திங்கள் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் சனிக்கிழமை பில் இருக்கிறதா என்று கேட்கும், இருந்தால் சரி. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரைக் கிளைக்கு மட்டும் விடுமுறை விட்டால் இந்தக் கணக்கு மறுநாள் வீணாக அலறும். அதற்குக் கிளைவாரியாக விடுமுறைப் பட்டியல் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு அலறல் பரவாயில்லை என்று விடுவதும் என் கணக்கில் தப்பில்லை.

முதல் வரியில் “தேதி தவறு” என்று ஒன்று இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு அல்ல. கூகுள் ஷீட்டின் மொழி அமைப்பு United States என்று இருந்தால் 12/02/2025 என்பதை அது டிசம்பர் 2 என்று படிக்கும். நாம் எழுதியது பிப்ரவரி 12. மார்ச் முதல் வாரத்தில் அந்த வரிசை 30 நாள் கோப்பில் இருக்கும்; கடைசி பில் தேதி டிசம்பர் 2 என்று ஷீட் கணக்கிடும். வரப்போகும் தேதி எப்போதும் இன்றைவிடப் பெரியது என்பதால், வயதைப் பார்க்கும் எந்த ஃபார்முலாவும் “சரி” என்றே சொல்லும், கோப்பு நாள்கணக்கில் வராவிட்டாலும். 13 முதல் 31 வரையிலான தேதிகளோ அமெரிக்க முறையில் மாதமாகாது. அவை தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாகச் செல்லின் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும், MAX அவற்றைக் கண்டுகொள்ளாது. தேதிப் பத்தியில் சில வலது பக்கமும் சில இடது பக்கமுமாக நின்றால் இதுதான் நோய். File > Settings போய் Locale-ஐ India என்று மாற்றி, ரெஃப்ரெஷை மறுபடி ஓட்டினால் தீரும்.

அதே Settings-இல் Calculation என்ற பகுதியையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. NOW எப்போது மறுகணக்கு ஆக வேண்டும் என்பது அங்கே இருக்கிறது. இயல்பாக அது On change, அதாவது ஷீட்டில் யாராவது எதையாவது மாற்றினால் மட்டும். கடைச் சுவரில் டிவியில் டாஷ்போர்டைத் திறந்தே வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். ரெஃப்ரெஷ் நின்றுபோனால் ஷீட்டில் மாற்றமே நடக்காது, மாற்றம் நடக்காததால் NOW நகராது, NOW நகராததால் பழைய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டிய ஃபார்முலா நேற்றைய பச்சையிலேயே உறைந்து நிற்கும். On change and every hour என்று மாற்றினால் போதும்.

கண்டுபிடித்ததை எங்கே காட்டுவது? மேல் மூலையில் சிவப்புப் பட்டை என்பது எல்லோரும் செய்வது. நடைமுறையில் முதலாளி டாஷ்போர்டைத் திறப்பதைவிட, யாரோ எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்ப்பதுதான் அதிகம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் தேவையான பெட்டியை மட்டும் வெட்டிப் போடுவார், சிவப்புப் பட்டை வெட்டில் போய்விடும். அதனால் எண்ணும் அதன் தேதியும் ஒரே செல்லில் இருப்பது நல்லது:

```
=IF(Status!B7="சரி", Calc!D4&" மூட்டை ("&TEXT(Status!B6,"dd-mm")&" வரை)", "தரவு வரவில்லை")
```

கணக்கு Calc என்ற தனி டேபில் நடக்கிறது, டாஷ்போர்டில் அது எழுத்தாக வருகிறது. பழையதானால் எண்ணே தெரியாது, “தரவு வரவில்லை” என்று வரும். இது கொஞ்சம் முரட்டுத்தனம் என்று கணக்கர்கள் சொல்வார்கள், நேற்றைய எண்ணாவது தெரிந்தால் போதுமே என்பார்கள். விற்பனைத் தொகைக்கு அது பொருந்தலாம். சரக்கு வாங்குவதை முடிவு செய்யும் எண்ணுக்கு நான் மறைப்பதையே விரும்புவேன். வேண்டுமென்பவர் Calc டேபைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இதே வகையில் இன்னொரு பழக்கம், `IFERROR(…, 0)`. இன்னொரு ஷீட்டிலிருந்து IMPORTRANGE வழியாக எண் எடுக்கும்போது, அனுமதி போய்விட்டால் #REF! என்று அசிங்கமாக வரும். அது அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக IFERROR போட்டுப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். அந்த அசிங்கம்தான் ஷீட் தானாகத் தரும் ஒரே எச்சரிக்கை. நேற்றைய விற்பனைப் பெட்டியிலும் இது நடக்கிறது. `TODAY()-1` தேதிக்கான கூட்டல் என்று எழுதியிருந்தால், ரெஃப்ரெஷ் நின்ற நாளில் பூஜ்யம் விழுந்து உடனே தெரிந்துவிடும். ஞாயிறுக்கு மறுநாள் பூஜ்யம் வருகிறதே என்று யாரோ அதைத் “தரவில் உள்ள கடைசி நாள்” என்று மாற்றிவைப்பார்கள். அன்றிலிருந்து தோல்வி கண்ணுக்குப் படாது.

எக்செல்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு, ஏனென்றால் அங்கே பழைய எண் வேறு வாசல் வழியாக வரும். வினவலின் Properties-இல் Refresh every 60 minutes என்று டிக் செய்திருந்தாலும், கோப்பு திறந்திருக்கும் வரைதான் அது ஓடும்; மூடிய கோப்பைக் காலையில் யாரும் புதுப்பிப்பதில்லை. இன்னொன்று, Enable background refresh என்ற டிக். அது இருந்தால் Refresh All அழுத்தியதும் தரவு பின்னணியில் வந்துகொண்டிருக்கும்போதே பிவட் டேபிள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், இன்னும் மாறாத பழைய அட்டவணையிலிருந்து. சில நொடியில் அட்டவணை புதிதாகிவிடும், பிவட் பழையதாகவே நிற்கும். “ரெண்டு தடவை அமுக்கணும் சார்” என்று அலுவலகங்களில் சொல்லிக்கொடுப்பதன் காரணம் இதுதான். டிக்கை எடுத்துவிட்டால் ஒரு தடவையே போதும். அட்டவணையின் கடைசித் தேதியையும் பிவட்டின் கடைசித் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் இந்த வேறுபாடு உடனே பிடிபடும்.

தேதி புதிதாக இருந்தும் தரவு குறைவாக வந்த கதையும் உண்டு. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டதாக அறிவித்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த கோப்புகளை .xls என்ற பழைய எக்செல் வடிவில் ஏற்றியிருந்தார்கள். அந்த வடிவம் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. மேலே வந்தவை வெட்டுப்பட்டன. தொற்று உள்ளவர்களுக்கு முடிவு போய்விட்டது, ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணிக்கு அந்தப் பெயர்கள் உரிய நேரத்தில் போகவில்லை. தினமும் எண்கள் வந்தன, தேதியும் சரியாகவே இருந்தது. வயதைப் பார்க்கும் எந்த ஃபார்முலாவும் இதைப் பிடித்திருக்காது. பிடிக்கக்கூடியது எண்ணிக்கை ஒப்பீடுதான்: அனுப்பியவர் எத்தனை வரிசை என்று தனியே சொல்ல வேண்டும், வந்து சேர்ந்தது எத்தனை என்று ஷீட் எண்ண வேண்டும். நம் கடையில் பில்லிங் மென்பொருள் கோப்பின் கடைசி வரியில் மொத்த வரிசையையும் மொத்தத் தொகையையும் எழுதும்படி செய்ய முடிந்தால், ஸ்கிரிப்ட் அந்த இரண்டையும் சரிபார்த்துவிட்டுத்தான் பழையதைத் துடைக்க வேண்டும்.

கடைசியாக, யாருக்குச் சொல்வது? காலை ஏழேகாலுக்கு இன்னொரு சின்ன ஸ்கிரிப்ட் B7-ஐப் படித்து மெயில் அனுப்பலாம். அதை எழுதும்போது “பழையது என்றால் அனுப்பு” என்று எழுதக் கூடாது, “சரி என்று இல்லாவிட்டால் அனுப்பு” என்று எழுத வேண்டும். யாரோ ஒரு டேபை அழித்து B7-இல் #REF! வந்தால், முதல் வகை வாய்மூடி இருக்கும், இரண்டாவது வகை கத்தும். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் குறிப்பிட்ட நிமிடம் வாய்க்காது என்பதால் இந்தக் காவல் ட்ரிக்கரை 7 முதல் 8 வரை என்று போட வேண்டியிருக்கும். அருகில் உள்ள நிமிடம் வேண்டுமென்றால் நிரலில் nearMinute(15) என்று கேட்கலாம், பதினைந்து நிமிடம் முன்பின் ஆகும்.

காவல் ஸ்கிரிப்டும் அதே ஆளின் கணக்கில் ஓடினால், அவர் கணக்கு மூடப்பட்ட நாளில் இரண்டும் சேர்ந்தே சாகும். குறைந்தபட்சம் அதை வேறொருவர் கணக்கிலிருந்து போட வேண்டும், தனிநபர் பெயரில் இல்லாத அலுவலகப் பொதுக் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. சிலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: எல்லாம் சரியாக நடந்தால் தினமும் “ஓகே” என்று ஒரு மெயில், வராவிட்டால் பிரச்சினை என்று பொருள். வராத மெயிலை மனிதன் கவனிப்பதில்லை, அதனால் இது நீடிக்காது. ஆனால் வராததைக் கவனிக்கவென்றே இணையச் சேவைகள் இருக்கின்றன. ரெஃப்ரெஷ் முடிந்ததும் ஸ்கிரிப்ட் ஒரு முகவரியைத் தட்டிவிட்டு வரும். குறித்த நேரத்துக்குள் தட்டு வரவில்லையென்றால் அந்தச் சேவை மெயிலோ குறுஞ்செய்தியோ அனுப்பும். கூகுளுக்கு வெளியே இருப்பதால் நம் கணக்குகள் எதுவும் மூடினாலும் அது விழித்திருக்கும். Healthchecks.io இந்த வகையில் ஒன்று. தட்டும் வரியையும் நேரப் பதிவைப் போலவே கடைசி வரியாக வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் செய்தபின் ஒரு சனிக்கிழமை இரவு, பத்தரை மணிக்கு மேல், டிரைவில் வந்து விழுந்த சிஎஸ்வி கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டுத் தூங்கப் போகலாம். ஞாயிறு காலை மெயில் யாருக்கு வந்தது, டாஷ்போர்டு பெட்டியில் “தரவு வரவில்லை” விழுந்ததா, குழுவில் யார் முதலில் கேட்டார் என்று பார்த்துவிட்டு, பெயரைத் திருப்பி வைத்து ஸ்கிரிப்டைக் கையால் ஒரு முறை ஓட்டினால் போதும். கடை ஞாயிறு மூடியிருப்பதால் யாரும் சீனி சொல்லமாட்டார்கள்.